ஒரு வார விடுமுறையில் இரட்டிப்பான குறியீட்டு எண்!
வான்கூவர் பங்கு மார்க்கெட்டில் 22 மாதங்கள் நடந்த "வெட்டு"

கனடா நாட்டின் மேற்குக் கரையில் வான்கூவர் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அங்கே ஒரு பங்கு மார்க்கெட் இருந்தது.

1983-ம் ஆண்டு நவம்பர் 25-ந் தேதி, வெள்ளிக்கிழமை. அன்று மாலை வியாபாரம் முடிந்தபோது மார்க்கெட்டின் குறியீட்டு எண் 524.811 ஆக இருந்தது.

சனி, ஞாயிறு விடுமுறை. ஒரு பங்கு கூடக் கைமாறவில்லை.

28-ந் தேதி திங்கட்கிழமை பார்த்தால், அதே குறியீட்டு எண் 1098.892!

இரண்டு மடங்குக்கும் மேல்! எந்தக் கம்பெனிக்கும் புதையல் கிடைத்துவிடவில்லை. எந்தப் பங்கின் விலையும் ஏறவில்லை. கம்ப்யூட்டரில் இருந்த ஒரு கணக்குப் பிழையைத் திருத்தினார்கள். அவ்வளவுதான்.

அந்தப் பிழை என்ன? புள்ளிக்குப் பின்னால் வருகிற ஒரு சின்னஞ்சிறு துண்டை வெட்டி எறிந்ததுதான்!

குறியீட்டு எண் என்றால் என்ன?

பங்கு மார்க்கெட்டில் பல கம்பெனிகளின் பங்குகள் விற்கப்படுகின்றன. ஒன்று ஏறும், மற்றொன்று இறங்கும். மொத்தத்தில் மார்க்கெட் ஏறுகிறதா, இறங்குகிறதா? இதை ஒரே எண்ணில் சொல்வதுதான் குறியீட்டு எண். காய்ச்சலைத் தெர்மாமீட்டர் சொல்வது போல மார்க்கெட்டின் நிலையை அது சொல்லும்.

வான்கூவரில் 1982 ஜனவரியில் இந்த எண்ணை 1000 என்று வைத்துத் தொடங்கினார்கள். பிறகு ஒவ்வொரு பங்கு கைமாறும்போதும் கம்ப்யூட்டர் அதைத் திருத்திக்கொண்டே வந்தது. ஒரு நாளைக்குச் சுமார் 3,000 தடவை திருத்தம்!

புள்ளிக்குப் பின் மூன்று இடங்கள் மட்டும் போதும் என்று முடிவு செய்திருந்தார்கள். நான்காவது இடத்தில் என்ன வந்தாலும் கம்ப்யூட்டர் அதை வெட்டிவிடும். 0.0001 ஆனாலும் வெட்டு. 0.0009 ஆனாலும் வெட்டு.

இவ்வளவு சிறிய துண்டு போனால் என்ன என்றுதான் யாருக்கும் தோன்றும். ஒரு தடவை வெட்டினால் ஒன்றும் ஆகாதுதான். ஆனால் இங்கே வெட்டிய எண்ணையே அடுத்த கணக்குக்கு ஆரம்பமாக எடுத்துக்கொண்டார்கள். அங்கேதான் வந்தது வினை.

மூன்றே வியாபாரம்

ஒரு உதாரணம் பார்க்கலாம். எண்கள் கற்பனை. முறை மட்டும் வான்கூவர் முறை.

முதல் வியாபாரத்தில் குறியீட்டு எண் 540.3217 என்று வருகிறது. கம்ப்யூட்டர் கடைசி 7-ஐ வெட்டுகிறது. மிஞ்சுவது 540.321.

இரண்டாவது வியாபாரத்தில் ஒரு பங்கு ஏறுகிறது. குறியீட்டு எண்ணில் 0.0138 கூட வேண்டும். 540.321-உடன் கூட்டினால் 540.3348. கடைசி 8-ஐ வெட்டினால் 540.334.

மூன்றாவது வியாபாரத்தில் வேறு ஒரு பங்கு இறங்குகிறது. 0.0095 குறைய வேண்டும். கழித்தால் 540.3245. கடைசி 5-ஐயும் வெட்டினால் 540.324.

எதையும் வெட்டாமல் கணக்குப் போட்டிருந்தால் சரியான விடை 540.3260. கம்ப்யூட்டர் சொல்வது 540.324. மூன்றே வியாபாரத்தில் 0.0020 மாயமாகிவிட்டது!

பங்கு ஏறினாலும் இழப்பு, இறங்கினாலும் இழப்பு என்பதைக் கவனிக்க வேண்டும். வெட்டு எப்போதும் கீழ்ப்பக்கமே இழுக்கிறது. ஒரு தடவை கூட மேலே தள்ளுவதில்லை.

நான்காவது இடத்தில் 0 முதல் 9 வரை எந்த எண்ணும் சம வாய்ப்பில் வரலாம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் சராசரியாக ஒரு தடவைக்கு 0.00045 போகும். நாளுக்கு 3,000 தடவை என்றால் 1.35 புள்ளி. மாதம் 20 நாள் மார்க்கெட் நடந்தால் 27 புள்ளி.

உண்மையில் வான்கூவரில் மாதம் சுமார் 25 புள்ளி வீதம் எண் கரைந்தது. கணக்கு ஏறக்குறையச் சரியாக வருகிறது அல்லவா? 22 மாதங்களில் காணாமல் போனது மொத்தம் 574 புள்ளி.

மார்க்கெட் உண்மையில் 1000-த்திலிருந்து கிட்டத்தட்ட 1100-க்கு ஏறியிருந்தது. எண்ணோ பாதியாகச் சரிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தது. தெர்மாமீட்டரே நோயாளி ஆகிவிட்டது!

நான்கு கட்டளைகள்

புள்ளிக்குப் பின்னால் வருவதைக் கழற்றிவிடக் கம்ப்யூட்டரில் நான்கு கட்டளைகள் உண்டு. `floor`, `ceil`, `trunc`, `round` என்பவை அவை. புளோர், சீல், டிரங்க், ரவுண்டு என்று படிக்க வேண்டும்.

புளோர் என்றால் தரை. எந்த எண்ணைக் கொடுத்தாலும் அதற்குக் கீழே இருக்கிற முழு எண்ணுக்கு இறக்கிவிடும். சீல் என்பது மேல்தளம். மேலே இருக்கிற முழு எண்ணுக்கு ஏற்றிவிடும். டிரங்க் கத்தரிக்கோல். புள்ளிக்குப் பின்னால் இருப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டும். ரவுண்டு மட்டும் இரண்டு பக்கமும் பார்த்து, எந்த முழு எண் பக்கத்தில் இருக்கிறதோ அங்கே போகும்.

2.7-ஐ எடுத்துக்கொள்வோம். புளோர் 2 என்னும். சீல் 3 என்னும். டிரங்க் 2 என்னும். ரவுண்டு 3 என்னும். புள்ளியே இல்லாத 3-ஐக் கொடுத்தால் நான்கும் 3 என்றே சொல்லும்.

2.7-க்குப் புளோரும் டிரங்க்கும் ஒரே விடை சொல்கின்றன. இரண்டும் ஒன்றுதானே என்று பலர் நினைத்துக்கொள்வது இதனால்தான். பூஜ்யத்துக்கு மேலே உள்ள எண்களில் அது உண்மை. வான்கூவரில் வெட்டியது டிரங்க் வேலை. ஆனால் குறியீட்டு எண் பூஜ்யத்துக்கு மேலேயே இருந்ததால் அது புளோர் வேலையாகவும் அமைந்துவிட்டது.

பூஜ்யத்துக்குக் கீழே போனால்தான் சாயம் வெளுக்கும்.

பூஜ்யத்துக்குக் கீழே

கனடாவில் குளிர்காலத்தில் பல ஊர்களில் தெர்மாமீட்டர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும். மைனஸ் 2.7 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். தெர்மாமீட்டரைச் சுவரில் நேராக மாட்டியிருக்கிறார்கள். அதில் மைனஸ் 2 மேலே இருக்கும். மைனஸ் 3 கீழே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் மைனஸ் 2.7.

புளோர் எப்போதும் கீழே இறங்கும். எனவே விடை மைனஸ் 3. சீல் எப்போதும் மேலே ஏறும். எனவே மைனஸ் 2. டிரங்க் என்ன செய்யும்? அதற்கு மேலும் தெரியாது, கீழும் தெரியாது. புள்ளிக்குப் பின்னால் உள்ள 7-ஐ வெட்டும். மிஞ்சுவது மைனஸ் 2. ரவுண்டு பக்கத்தில் உள்ள மைனஸ் 3-க்குப் போகும்.

பைதான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் இதைத் தட்டிப் பார்த்தால் இப்படி வரும்:

```
>>> import math
>>> math.floor(-2.7)
-3
>>> math.ceil(-2.7)
-2
>>> math.trunc(-2.7)
-2
>>> round(-2.7)
-3
```

மேலே புளோரோடு கூட்டாளியாக இருந்த டிரங்க், கீழே வந்ததும் சீலோடு சேர்ந்துவிட்டது! உண்மையில் டிரங்க் எப்போதும் பூஜ்யத்தை நோக்கியே நடக்கிறது. மேலே இருந்தால் இறங்கும், கீழே இருந்தால் ஏறும்.

இது வெறும் வேடிக்கை அல்ல. வான்கூவர் கணக்கையே இதை வைத்துத் திருப்பிப் பார்க்கலாம்.

மொத்த எண்ணை வெட்டாமல், ஒவ்வொரு வியாபாரத்திலும் வருகிற ஏற்ற இறக்கத்தை மட்டும் மூன்று இடமாக வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நமது உதாரணத்தில் ஏற்றம் 0.0138. டிரங்க் அதை 0.013 ஆக்கும். 0.0008 நஷ்டம். இறக்கம் மைனஸ் 0.0095. டிரங்க் அதை மைனஸ் 0.009 ஆக்கும். இறங்க வேண்டியதில் 0.0005 குறைந்துவிட்டது. அதாவது, அவ்வளவு லாபம்!

ஏற்றத்தில் நஷ்டம், இறக்கத்தில் லாபம். இரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போயிருக்கும். எண் கொஞ்சம் மந்தமாக அசைந்திருக்கும். ஆனால் மாதம் 25 புள்ளி கரைந்திருக்காது.

அங்கே டிரங்க்குக்குப் பதில் புளோரைப் போட்டிருந்தால்? மைனஸ் 0.0095 என்பது மைனஸ் 0.010 ஆகியிருக்கும். ஏற்றத்திலும் நஷ்டம், இறக்கத்திலும் நஷ்டம். பழைய கதைதான்!

பெயரைப் பார்த்து ஏமாறுகிற இடமும் ஒன்று உண்டு. எக்செல் கணக்குத் தாளில் `INT(-2.7)` என்று எழுதினால் மைனஸ் 3 வரும். அது புளோர். சி என்ற மொழியில் `(int)-2.7` என்று எழுதினால் மைனஸ் 2 வரும். அது டிரங்க். பெயர் ஒன்று, குணம் வேறு! ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கணக்கை மாற்றுகிறவர்கள் பூஜ்யத்துக்குக் கீழே உள்ள ஒரு எண்ணைக் கொடுத்துச் சோதிக்காவிட்டால் இது கண்ணிலேயே படாது.

பழைய காலத்துக் குறுக்கு வழி ஒன்றும் இப்படித்தான் காலை வாரும். ரவுண்டு செய்வதற்குப் பதில், பாதியைக் கூட்டி வெட்டிவிடுவார்கள். 2.7-உடன் 0.5 கூட்டினால் 3.2. வெட்டினால் 3. சரியாக இருக்கிறது! மைனஸ் 2.7-உடன் 0.5 கூட்டினால் மைனஸ் 2.2. வெட்டினால் மைனஸ் 2. தப்பு! மைனஸ் 3 அல்லவா வர வேண்டும்? வெட்டுவதற்குப் பதில் புளோர் போட்டால்தான் மைனஸ் 3 கிடைக்கும்.

சரிபாதியில் சண்டை

ரவுண்டு போட்டால் தொல்லை தீர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது. பக்கத்தில் இருக்கிற எண்ணுக்குப் போ என்பது அதன் விதி. 2.5 வந்தால்? 2-க்கும் 3-க்கும் சம தூரம்! எந்தப் பக்கம் போவது?

பள்ளிக்கூடத்தில் 5 வந்தால் மேலே போ என்று சொல்லிக் கொடுப்பார்கள். அது ஒரு ஒப்பந்தம். அவ்வளவுதான். எல்லாக் கம்ப்யூட்டர்களும் அதில் கையெழுத்துப் போடவில்லை!

எக்செல்லில் `ROUND(2.5,0)` என்றால் 3. பைதானில் `round(2.5)` என்றால் 2! ஆனால் பைதானிலேயே `round(3.5)` என்றால் 4.

பைதான் தவறு செய்கிறதா? இல்லை. சரிபாதி வந்தால் இரட்டைப்படை எண்ணுக்குப் போ என்பது அதன் விதி. 2-ம் 3-ம் பக்கத்தில் இருந்தால் இரட்டைப்படை 2. 3-ம் 4-ம் பக்கத்தில் இருந்தால் இரட்டைப்படை 4. இதற்கு "வங்கியாளர் முறை" என்று பெயர். 2008-ல் வெளிவந்த மூன்றாம் பதிப்பிலிருந்துதான் பைதான் இப்படிச் செய்கிறது. அதற்கு முன் அதுவும் 3 என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

எதற்காக இந்த விசித்திர விதி? மறுபடியும் வான்கூவருக்குப் போக வேண்டும்.

நான்காவது இடத்தில் 1, 2, 3, 4 வந்தால் ரவுண்டு கீழே இறக்கும். 6, 7, 8, 9 வந்தால் மேலே ஏற்றும். 1-ல் இழப்பதை 9-ல் பெறலாம். 2-ல் இழப்பதை 8-ல் பெறலாம். இப்படி எல்லாம் ஜோடி சேர்ந்துவிடுகின்றன. 0-க்கு வேலையே இல்லை. மிஞ்சுவது 5 ஒன்றுதான். அதற்கு ஜோடி இல்லை.

5 வரும்போதெல்லாம் மேலேயே ஏற்றினால் ஒவ்வொரு தடவையும் 0.0005 லாபம். பத்தில் ஒரு தடவை 5 வரும். நாளுக்கு 3,000 தடவையில் 300 தடவை. 300 தடவைக்கு 0.15 புள்ளி. 20 நாளுக்கு 3 புள்ளி. வெட்டியதால் போன 27 புள்ளி எங்கே, இந்த 3 புள்ளி எங்கே! ஆனாலும் 3 புள்ளி ஏறிக்கொண்டே இருக்கும். வருஷத்துக்கு 36 ஆகிவிடும்.

இரட்டைப்படை விதியில் 5 ஒரு தடவை மேலே போகும், ஒரு தடவை கீழே போகும். நாளடைவில் சரிக்குச் சரி.

நமது மூன்று வியாபாரத்தையே ரவுண்டு முறையில் போட்டுப் பார்க்கலாம். 540.3217 என்பது 540.322 ஆகும். 0.0138 கூட்டினால் 540.3358. அது 540.336 ஆகும். 0.0095 கழித்தால் 540.3265. வந்துவிட்டது சரிபாதி!

மேலே ஏற்றினால் 540.327. இரட்டைப்படைக்குப் போனால் 540.326. வெட்டாத சரியான விடை எது? 540.3260! எப்போதும் இவ்வளவு கச்சிதமாக வராது. மூன்று வியாபாரத்தில் வந்தது அதிர்ஷ்டம். ஆயிரக்கணக்கான வியாபாரத்தில் விடை சரியான எண்ணை விட்டு வெகு தூரம் போகாது என்பதுதான் நிச்சயம்.

மைனஸ் 2.5 என்றால் சண்டை இன்னும் முற்றும். எக்செல் மைனஸ் 3 என்னும். பூஜ்யத்தை விட்டு விலகிப் போ என்பது அதன் விதி. சி மொழியின் `round` கட்டளையும் அதே கட்சி. பைதான் மைனஸ் 2 என்னும், அது இரட்டைப்படை. வலைப் பக்கங்களில் ஓடுகிற ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் `Math.round(-2.5)` என்றாலும் மைனஸ் 2-தான். ஆனால் காரணம் வேறு. சரிபாதி வந்தால் எப்போதும் தெர்மாமீட்டரில் மேலே ஏறு என்பது அதன் விதி. ஆகவே 2.5-க்கு அது 3 என்று சொல்லும்.

விடை ஒன்றாக இருக்கிறது என்பதால் விதியும் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது. 2.5, மைனஸ் 2.5 இரண்டையும் கொடுத்துப் பார்த்தால் மூன்று கட்சியும் பிரிந்துவிடும். எக்செல் 3, மைனஸ் 3. ஜாவாஸ்கிரிப்ட் 3, மைனஸ் 2. பைதான் 2, மைனஸ் 2.

பாதி போலத் தெரியும், பாதி அல்ல!

இன்னொரு விந்தையும் உண்டு. பைதானில் 2.675-ஐப் புள்ளிக்குப் பின் இரண்டு இடமாக ரவுண்டு செய்தால் 2.67 வரும். மேலே ஏற்றினாலும் 2.68, இரட்டைப்படைக்குப் போனாலும் 2.68. எந்த விதிப்படியும் 2.67 வரக் கூடாதே!

கம்ப்யூட்டர் எண்களை இரண்டின் அடுக்குகளாகப் பிரித்துத்தான் வைத்துக்கொள்ளும். பாதி, கால், அரைக்கால் என்றால் அதற்குச் சுலபம். 2.675 அப்படிச் சரியாகப் பிரியாது. எனவே அதற்கு மிக அருகில் உள்ள எண்ணை வைத்துக்கொள்கிறது. அது 2.67499999 என்று போகிற எண். பாதிக்கு ஒரு மயிரிழை கீழே! ஆகவே கீழே இறங்கியது நியாயம்தான். 2.5 அப்படி அல்ல. இரண்டும் பாதியும் சேர்ந்தது அது. உள்ளேயும் சரியாக 2.5 ஆகவே இருக்கிறது.

இதனால்தான் பணக் கணக்கில் கவனமாக இருப்பவர்கள் ரூபாயைப் புள்ளி வைத்து எழுதுவதில்லை. எல்லாவற்றையும் பைசாவாக, முழு எண்ணாக வைத்துக்கொள்கிறார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு கணக்கில் இப்படிக் கசிவு இருக்கிறதா என்று அறிய நல்ல வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு தடவையும் தள்ளிவிடுகிற துண்டை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். கூட்டுத்தொகை பூஜ்யத்தைச் சுற்றி மேலும் கீழும் ஆடினால் பயம் இல்லை. ஒரே பக்கமாக வளர்ந்தால் எங்கோ புளோரோ சீலோ டிரங்க்கோ உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாவது வழி, ஆரம்பத்திலிருந்து புதிதாகக் கணக்குப் போடுவது. வான்கூவரில் அன்றன்றைய பங்கு விலைகள் கையில் இருந்தன. வாரம் ஒரு தடவை அவற்றை வைத்துக் குறியீட்டு எண்ணை முதலிலிருந்து கணக்கிட்டு, கம்ப்யூட்டர் ஓட்டுகிற எண்ணோடு ஒப்பிட்டிருந்தால் முதல் வாரமே ஆறு புள்ளிக்கு மேல் வித்தியாசம் தெரிந்திருக்கும்.

அந்த மார்க்கெட் இப்போது தனியாக இல்லை. 1999-ல் ஆல்பர்ட்டா மாகாணத்துப் பங்கு மார்க்கெட்டோடு அது இணைக்கப்பட்டது. கம்ப்யூட்டர் கணக்குப் படிக்கிற மாணவர்களுக்கு 524.811, 1098.892 என்ற அந்த இரண்டு எண்களை ஆசிரியர்கள் இன்றும் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறார்கள்.